மார்ச் 31 இரவின் ஏழு பில்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு நாலு வருடம் பில்லிங் மென்பொருள் எழுதிப் பராமரித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீலான்ஸ் வேலைதான். 2025 பிப்ரவரியில் அதை விட்டு விலகினேன். சண்டை எதுவும் இல்லை. அவர்களுக்கு நேரில் வந்துபோகிற ஆள் தேவைப்பட்டது, எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. புதிதாக ஒரு டெவலப்பரைப் பிடித்தார்கள். கடைசித் தவணைப் பணத்துக்கு முதலாளி வைத்த ஒரே நிபந்தனை, "அந்தப் பொண்ணுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பது. எழுதினேன். பதினான்கு பக்கம் வந்தது. எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, எந்த அட்டவணையில் எந்தப் பத்தி, எந்தப் பக்கத்தை எந்தக் கன்ட்ரோலர் கவனிக்கிறது என்று படம் எல்லாம் போட்டு ஒரு பிடிஎஃப். முதலாளி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, பணத்தைப் போட்டுவிட்டார். இப்படி ஒரு ஒப்படைப்புக் குறிப்பை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. அது சரியாக ஏழு வாரம் நீடித்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அந்தப் புது டெவலப்பர் போன் செய்தார். "அண்ணா, ஒரு சந்தேகம்ங்ணா. ராத்திரி போட்ட பில்லு ஏழும் பழைய வருஷத்து நம்பர்ல வந்திருக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல கேக்கறாங்க." எனக்கு அந்த நொடியிலேயே பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி புரிந்தபோதுதான் முகம் சுருங்கியது. ஏனென்றால் அந்தத் தவறுக்கான வேலையை அவருக்குக் கொடுத்ததே நான்தான், என் குறிப்பின் பன்னிரண்டாம் பக்கத்தில்.

## இரவில் பில் போடுகிற ஊர்

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஈரோட்டு வார ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று எல்லா ஊர் வியாபாரிகளும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டி என்று மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு விடிவதற்குள் வண்டி ஏற்றிவிடுவார்கள். அதனால் மற்ற கடைகளின் பில்லிங் மென்பொருளுக்கு வராத ஒரு சிக்கல் இங்கே உண்டு. இங்கே நள்ளிரவு பன்னிரண்டுக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் நடுவில் நிஜமாகவே பில் விழும்.

அந்த ஐந்தரை மணிக்கு என்ன விசேஷம்? மென்பொருள் லாரவெல் என்கிற பிஎச்பி சட்டகத்தில் எழுதியது. லாரவெல் இயல்பாக யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம், முன்னால் இருக்கிறது. பகல் முழுக்க இதனால் தேதிக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது, இங்கேயும் அங்கேயும் ஒரே தேதிதான். நமக்கு நள்ளிரவு தாண்டியதிலிருந்து ஐந்தரை வரை மட்டும் யூடிசியில் இன்னும் நேற்றைய தேதியாகவே இருக்கும். 2021-இல் மென்பொருள் ஓட ஆரம்பித்த முதல் சந்தை இரவிலேயே இது தெரிந்துவிட்டது. செவ்வாய் விடியற்காலை இரண்டு மணிக்குப் போட்ட பில்லில் திங்கட்கிழமை தேதி. கேஷியர் போன் செய்து திட்டினார். தூக்கக் கலக்கத்தில் சர்வருக்குள் போய் நான் எழுதிய வரி இதுதான்:

```php
$billDate = now()->addMinutes(330)->toDateString();
```

முறையான தீர்வு இல்லை. ஆனால் வேலை செய்தது. இந்தியாவில் கோடைக்காலத்துக்கு என்று கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் இல்லாததால் 330 என்றைக்கும் 330-தான். காலையில் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தேன். நாலு வருடம் அந்தக் காலை வரவே இல்லை. கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட்டில் அந்த மாற்றத்துக்கு நான் எழுதிய விளக்கம் `date fix`. அதைவிடக் குறைவாக ஒரு மனிதன் விளக்கம் எழுத முடியாது.

பில்லின் தேதியை வைத்துத்தான் பில் எண்ணும் உருவாகிறது. ஜிஎஸ்டி விதிப்படி விலைப்பட்டியலின் எண் பதினாறு எழுத்துக்குள், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். நாங்கள் `24-25/08411` என்ற மாதிரி வைத்திருந்தோம். ஏப்ரல் பிறந்தால் `25-26/00001` என்று தானாகத் தொடங்கும். தொடங்குவதா வேண்டாமா என்று மென்பொருள் பார்க்கிற ஒரே இடம், மேலே சொன்ன அந்த `$billDate`.

## "சிறிய வேலை"

போனில் அவரிடம், "தேதிக் கணக்குல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீங்க எழுதியிருந்ததைத்தான் செஞ்சேன்ங்ணா" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிடிஎஃப்பைத் திறந்து நிலுவை வேலைகளின் பட்டியலிலிருந்து ஆறாவதை வாசித்துக் காட்டினார். "தேதிக் கணக்கில் 330 நிமிடம் கூட்டுவதை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். சிறிய வேலை."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன். பழக்கமில்லாத ஒரு கோட் கைக்கு வருகிறது. பட்டியலில் பதினொரு வேலைகள். எட்டு வேலைகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒன்றின் பக்கத்தில் மட்டும் "சிறிய வேலை" என்று எழுதியவனே எழுதி வைத்திருக்கிறான். யாராக இருந்தாலும் அங்கேதான் கை வைப்பார்கள். `addMinutes(330)` என்பதை எடுத்துவிட்டு `now()->toDateString()` என்று விட்டிருக்கிறார். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு நாலு பில் போட்டுச் சோதித்திருக்கிறார். நாலும் சரியான தேதியில் வந்திருக்கின்றன. வராமல் எப்படிப் போகும்? மதியம் மூன்று மணிக்கு யூடிசியிலும் அதே தேதிதான். மார்ச் 12-ஆம் தேதி, புதன்கிழமை, சர்வரில் ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு சந்தை இரவுகள் போயின. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடையில் திங்கள் இரவையும் செவ்வாயையும் சேர்த்துத்தான் "சந்தைக் கணக்கு" என்று பார்ப்பார்கள். நள்ளிரவுக்குப் பிந்தைய பில் எந்தத் தேதியில் உட்கார்ந்திருந்தாலும் மொத்தம் ஒன்றுதான். மூன்றாவது சந்தை இரவு மார்ச் 31. அந்த வருடம் மார்ச் 31 திங்கட்கிழமையாக வந்து, நிதியாண்டு சந்தையின் நட்டநடுவில் புரண்டது. அன்றைக்கு ரம்ஜான் பண்டிகை வேறு. கூட்டம் மிகக் குறைவு. அதனால் நள்ளிரவு தாண்டி ஏழே ஏழு பில்கள். வழக்கமான சந்தையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த ஏழும் `24-25/08412` முதல் `24-25/08418` வரை, மார்ச் 31 தேதியோடு விழுந்தன. காலை ஆறு மணிக்குப் போட்ட அடுத்த பில் `25-26/00001`. கேஷியர் இதைக் கவனித்திருக்கிறார். ஆனால், "கம்ப்யூட்டர் விடிஞ்சாத்தான் வருஷத்தை மாத்தும் போல" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். தர்க்கப்படி பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்தது.

சரிசெய்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் மாத விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய ஏப்ரல் 11 வரை நேரம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆடிட்டர் யோசனைப்படி ஆறு பில்களை ரத்து செய்து, ஏப்ரல் 1 தேதியில் புது எண்ணோடு மறுபடி போட்டு, வாங்கியவர்களுக்கு அனுப்பினார்கள். ரத்தான எண்களை அந்தப் படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் காட்ட இடம் உண்டு. ஏழாவது மட்டும் கேரளாவுக்குப் போகிற சரக்கு. ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பதால் பழைய பில் எண்ணைப் போட்டு இ-வே பில் எடுத்தாகிவிட்டது, வண்டியும் வாளையாறு தாண்டிவிட்டது. அதை மட்டும் மார்ச் கணக்கிலேயே விட்டுவிடச் சொன்னார் ஆடிட்டர். அன்று சாயங்காலம் நானும் அந்தப் பெண்ணும் போனில் பேசிக்கொண்டே, பில் பதிவான யூடிசி நேரமான `created_at`-ஐ வைத்துத் தரவுத்தளத்தில் இந்தக் கேள்வியை ஓட்டிப் பார்த்தோம்:

```sql
SELECT bill_no, bill_date, created_at FROM bills
WHERE bill_date <> DATE(DATE_ADD(created_at, INTERVAL 330 MINUTE));
```

முந்தைய இரண்டு சந்தை இரவுகளிலும் சேர்த்து இன்னும் 61 பில்கள் ஒரு நாள் முன்தேதியில் கிடந்தன. எல்லாம் மார்ச்சுக்குள்ளேயே இருந்ததால் வரித் தாக்கலில் சிக்கல் இல்லை. எந்த 330-ஐ நீக்கச் சொல்லி எழுதினேனோ, தவறைக் கண்டுபிடிக்க அதே 330 தேவைப்பட்டது.

## பதினான்கு பக்கத்தில் என்ன இருந்தது

அன்றிரவு என் குறிப்பை நானே எடுத்துப் படித்தேன், முன்பின் தெரியாத ஒருவன் எழுதியது போல. பதினான்கில் பதினோரு பக்கம், கோட் கோப்புகளைத் திறந்தால் தானாகத் தெரிகிற விஷயங்கள். `routes/web.php`-ஐப் பார்த்தால் எந்தப் பக்கம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அட்டவணைகளின் பட்டியல் மைக்ரேஷன் கோப்புகளில் இருக்கிறது, அதுவும் என் படத்தைவிடப் புதியதாக. கன்ட்ரோலருக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பத்தி வேறு எழுதியிருந்தேன், யாருக்காக என்று தெரியவில்லை. கோட் தானே சொல்லக்கூடியதை எல்லாம் நான் மறுபடி சொல்லியிருந்தேன். அந்த 330 ஏன் வந்தது, திங்கட்கிழமை ராத்திரியில் இந்தக் கடையில் என்ன நடக்கும் என்பது கோடில் எங்கேயும் இல்லை. என் தலையில் மட்டும்தான் இருந்தது. அதை எழுதவில்லை, ஏனென்றால் எனக்கு அது தெரிந்த விஷயம். ஈரோட்டில் பிறந்தவனுக்குச் சந்தை ராத்திரி நடக்கும் என்பது ஒரு தகவலாகவே தோன்றாது. அந்தப் பெண் திண்டிவனத்துக்காரர்.

நிலுவைப் பட்டியல் அதைவிட மோசம். பதினொன்றும் எனக்கு நானே எழுதிக்கொண்ட ஞாபகக் குறிப்புகள். "330-ஐச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று படித்தால் எனக்கு மொத்தக் கதையும் மனதில் ஓடும், அவருக்கு ஓடாது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு கட்டளை. ஒரு வேலையை ஏன் நான் நாலு வருடம் செய்யாமல் வைத்திருந்தேன் என்பது அந்த வேலையைப் பற்றிய முக்கியமான தகவல். சோம்பலா, பயமா, முதலாளி வேண்டாம் என்றாரா, வேறு ஒன்று முடிந்தால்தான் இதைத் தொட முடியுமா? இதில் எது என்று தெரியாமல் ஒருவர் அதில் கை வைக்கக் கூடாது. நான் எழுதியதோ "சிறிய வேலை" என்று. வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் சிறியதுதான், ஒரே வரி.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பணம் எதுவும் கேட்காமல், மறுபடி எழுதினேன். ஆறாவது நிலுவை இப்படி மாறியது:

"பில் தேதி `BillService`-இல் ஒரே இடத்தில் கணக்கிடப்படுகிறது. சர்வர் யூடிசியில் ஓடுகிறது. திங்கள் இரவு சந்தையில் நள்ளிரவுக்குப் பிறகும் பில் போடுவார்கள். அதனால்தான் 330 நிமிடம் கூட்டப்படுகிறது. அதை எடுத்துவிட்டால் இரவு 12 முதல் 5.30 வரையிலான பில்கள் முந்தைய நாள் தேதியில் விழும், ஏப்ரல் 1 அன்று முந்தைய நிதியாண்டின் எண்ணில் விழும். மாற்றுவதானால் `now('Asia/Kolkata')->toDateString()` என்று மாற்றவும். `config/app.php`-இல் நேர மண்டலத்தை மாற்ற வேண்டாம்: பழைய `created_at` எல்லாம் யூடிசியில் இருக்கின்றன, புதியவை இந்திய நேரத்தில் விழ ஆரம்பித்தால் ஒரே பத்தியில் இரண்டு கடிகாரம் ஓடும். இத்தனை நாள் செய்யாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமே. பகலில் சோதித்தால் தவறு தெரியாது. கீழே உள்ளபடி சோதிக்கவும்."

```php
// இந்தியாவில் ஏப்ரல் 1, விடியற்காலை 1.30
Carbon::setTestNow('2025-03-31 20:00:00');
// பில் எண் 25-26 என்று தொடங்க வேண்டும்
```

ஒரு வரி ஒரு பத்தியாக ஆகிவிட்டது. மற்ற நிலுவைகளையும் இப்படியே எழுதப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. பதினொன்றில் நாலு வேலைகளுக்கு "செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்ற இடத்தில் எழுத எதுவுமே கிடைக்கவில்லை. அவற்றைத் தூக்கிவிட்டேன். இன்னும் இரண்டு, முதலாளி எப்போதோ ஒரு டீக்கடையில் ஆசைப்பட்டுச் சொன்னவை. அவரிடமே கேட்டதற்கு, "அப்படிச் சொன்னனா?" என்றார். ஐந்து நிலுவைகளே மிச்சம்.

## வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த மதியம்

இரண்டாவது குறிப்பும் சரியாக இருக்கிறது என்று நானே முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. முதல் குறிப்பையும் நான்தான் பிரமாதம் என்று நினைத்தேன். அதனால் ஒரு நாள் நேரில் போனேன். காலி சர்வர் ஒன்று வாடகைக்கு எடுத்து, "இந்தக் குறிப்பை மட்டும் வெச்சு நேத்தைய பேக்கப்பை இதுல ஏத்தி ஓட வைங்க. நான் பக்கத்துல இருப்பேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன். எங்கே என்னைக் கேக்கணும்னு தோணுதோ அதை ஒரு தாளில் எழுதிட்டு வாங்க" என்றேன். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று மணி நேரத்தில் தாளில் பதினோரு கேள்விகள். அவற்றில் ஒன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது.

புதிய இடத்தில் லாரவெலை ஏற்றும்போது எல்லோரும் வழக்கமாக அடிக்கிற ஒரு கட்டளையை அவரும் அடித்தார்: `php artisan key:generate`. நானும் குறிப்பில் அதை எழுதியிருந்தேன், கை போன போக்கில். தளம் எழுந்து நின்றது. உள்நுழைவு வேலை செய்தது, பில் வந்தது, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. நெசவாளர்கள், சப்ளையர்கள் பட்டியலைத் திறந்ததும் `The MAC is invalid.` என்று விழுந்தது. அவர்களின் வங்கிக் கணக்கு எண்களை மறையாக்கம் செய்துதான் சேமித்து வைத்திருந்தோம். அந்தப் பூட்டின் சாவி `.env` கோப்பில் உள்ள `APP_KEY`. புதுச் சாவி போட்டால் பழைய பூட்டு திறக்காது. கடவுச்சொற்களுக்கு இந்தச் சாவி தேவையில்லை, அவை வேறு முறையில் ஹாஷ் செய்யப்பட்டவை. அதனால்தான் உள்நுழைவு தடையில்லாமல் நடந்து நம்மை ஏமாற்றியது. இது சோதனைச் சர்வர், பழையது உயிரோடு இருக்கிறது, சாவியை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். நிஜமாகவே பழைய சர்வர் எரிந்துபோய், கையில் தரவுத்தள பேக்கப் மட்டும் இருந்திருந்தால், அந்தக் கணக்கு எண்களைத் திரும்பப் பெற வழியே கிடையாது. ஒவ்வொரு நெசவாளரையும் கூப்பிட்டுப் பாஸ்புக் கேட்டிருக்க வேண்டும்.

நாலு வருடமாகத் தினமும் பேக்கப் எடுத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதி பேக்கப்தான். இப்போது அந்தச் சாவி முதலாளியின் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கிறது. குறிப்பில் சாவி இல்லை, அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது. என் முதல் பிடிஎஃப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லையே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதை மாற்றியதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி சிரிப்பை வரவழைத்தது. "அண்ணா, எஸ்எம்எஸ்ல `recieved`னு எழுத்துப்பிழை இருக்குங்ணா, திருத்திடட்டுமா?" அது எழுத்துப்பிழைதான். ஆனால் அந்தப் பிழையோடுதான் அந்த வாசகம், வணிக எஸ்எம்எஸ்களைப் பதிவு செய்கிற டிஎல்டி தளத்தில் பதிவாகி ஒப்புதல் வாங்கியிருக்கிறது. வணிகச் செய்திகளின் வார்ப்புரு பதிவு செய்ததோடு ஒத்துப்போகாவிட்டால் தொலைபேசி நிறுவனம் செய்தியை நிறுத்திவிடும். எங்கள் எஸ்எம்எஸ் சேவையில் இதற்குப் பிழைச் செய்தி கூட உடனே வராது. வாங்கிக்கொண்டேன் என்று பதில் வரும், செய்தி போய்ச் சேராது. ஆக, பிழையைத் திருத்துவதென்றால் முதலில் புது வார்ப்புருவுக்கு ஒப்புதல் வாங்கி, அதன் புது எண்ணையும் வாசகத்தையும் ஒன்றாக மாற்ற வேண்டும். 2021-இல் பதிவு செய்தபோது தப்பாகத் தட்டியவனும் நானே. கோடில் அந்த வரிக்கு மேலே இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது: "பிழை தெரிந்தே விடப்பட்டது, திருத்துவதற்கு முன் நிலுவை 3-ஐப் படிக்கவும்."

அது அன்றைக்குக் கற்றுக்கொண்ட இன்னொன்று. எச்சரிக்கை பிடிஎஃப்பில் இருந்தால் பிடிஎஃப்பைத் திறக்கிற நாளில்தான் கண்ணில் படும். கை வைக்கிற இடத்திலேயே இருந்தால் கை வைக்கும்போது கண்ணில் படும். 330 பற்றி இரண்டு வரி கமென்ட் அந்த வரிக்கு மேலே இருந்திருந்தால் நான் பதினான்கு பக்கமும் எழுதாமலே இருந்திருக்கலாம். இரண்டாவது குறிப்பில் பாதி இப்படிக் கோடுக்குள் போய்விட்டது. வெளியே நின்றது, கோடில் வைக்க இடமில்லாதவை: சாவிகள் இருக்கும் இடம், டொமைன் யார் பெயரில், சர்வர் கணக்கின் ஓடிபி யாருடைய போனுக்கு வரும் (அதுவரை என் போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது, நான் எண்ணை மாற்றியிருந்தால் முதலாளி தன் சர்வருக்குள்ளேயே நுழைய முடியாது), மாதம் எந்தத் தேதியில் எதற்குப் பணம் கட்ட வேண்டும், கடையில் யாரிடம் எதைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். மொத்தம் நாலரைப் பக்கம்.

அவர் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் என்னவாக இருக்கும் என்று இன்னும் சில சமயம் யோசிக்கிறேன். பதினொன்றைத் தாளில் எழுதினார், சரி. கேட்கவே தோன்றாத விஷயம்தான் ஏப்ரல் 1-இல் கழுத்தைப் பிடித்தது. மார்ச் 12-ஆம் தேதி மதியம் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது. அப்படிப்பட்டவற்றை எந்தச் சோதனையும் வெளியே கொண்டுவராது. எழுதுகிறவன்தான், தன் கோடில் எந்த வரியைப் பார்த்தால் தனக்கு லேசாக வெட்கமாக இருக்கிறது என்று தேடிப்போய் எழுத வேண்டும். நான் அப்படித் தேடியபோது இன்னும் மூன்று இடங்கள் கிடைத்தன. அவற்றைச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் அவர் ஒரு செய்தி அனுப்பினார். குறிப்பை இப்போது அவர்தான் பராமரிக்கிறார், நிலுவை 6-ஐ முடித்துவிட்டு அதைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார். "மறுபடி மார்ச் 31 திங்கட்கிழமையாக வருவது 2031-இல். கேஷியர் இப்போதும் ஏப்ரல் 1 அன்று விடிந்த பிறகுதான் பில் போடுவேன் என்கிறார், அந்த இரவு அவரிடம் முன்கூட்டியே பேசிவிடவும்."